காம்பு விட்ட காயும் நில்லா நிலவும்: ஈர்ப்பு விசைக்கு ஒரு வகுப்புப் பாட்டு

ஆறாம் வகுப்பில் போய் “மாங்காய் ஏன் கீழே விழுகிறது?” என்று கேட்டால் பாதி வகுப்பு “ஈர்ப்பு விசை, டீச்சர்!” என்று கத்திவிடும். அடுத்த கேள்வியாக “அப்போ நிலா ஏன் விழவில்லை?” என்று கேளுங்கள். சத்தம் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு பதிலாக வரும். “அது ரொம்ப உயரத்துல இருக்கு.” “அங்க ஈர்ப்பு விசை இல்ல.” “அங்க காத்து இல்லையே, அதனால மிதக்குது.”

இந்தப் பதில்களைத் திருத்த நான் ஒரு பாட்டு எழுதினேன். முதல் முறை எழுதியது தவறுகளைத் திருத்துவதற்குப் பதிலாக மனப்பாடமாகவே ஆக்கிவிட்டது. இப்போது பாடும் வடிவம் பல முறை மாற்றியது. உயர் தொடக்க வகுப்புகளுக்குப் புதிதாக அறிவியல் எடுக்க வந்திருப்பவர்கள் இதை அப்படியே பாடலாம். தாங்களே ஒன்று எழுத நினைப்பவர்களுக்கு, எந்த இடத்தில் சறுக்கும் என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

முதலில்: பாட்டு எதைச் சொல்ல வேண்டும்?

எழுத உட்காரும் முன் ஒரே ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்தது இது: நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது; பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால் பூமியைச் சுற்றுகிறது.

மாங்காய் விழுவதும் நிலா சுற்றுவதும் ஒரே காரணத்தால் நடப்பவை என்பதுதான் இதில் உள்ள முக்கியமான செய்தி. மாங்காய்க்கு ஒரு விளக்கம், நிலாவுக்கு வேறொரு விளக்கம் என்று பாட்டு பிரிந்துவிட்டால் பயன் இல்லை. கனமான பொருளும் லேசான பொருளும் ஒன்றாக விழுமா, எடைக்கும் நிறைக்கும் என்ன வேறுபாடு, கடலில் ஓதங்கள் எப்படி வருகின்றன என்பவை எல்லாம் ஆசை காட்டும். இந்தப் பாட்டில் அவற்றைச் சேர்க்காதீர்கள். நான் ஒரு தடவை சேர்த்து நாற்பது வரி எழுதினேன். பிள்ளைகள் முதல் எட்டு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தாளம்

அடி ஒன்றுக்கு நாலு கைத்தட்டல் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டால் கும்மி வேகத்தில் பாடலாம். “கையை / விட்டால் / கல்வி / ழும்” என்று தட்டிப் பாருங்கள். எங்கள் தமிழாசிரியர் இதைக் கேட்டுவிட்டு, “மா, மா, விளம். மாறாம வெச்சுக்கோங்க, தானா நிக்கும்” என்றார். அதாவது தேமா அல்லது புளிமா இரண்டு, கடைசியில் கூவிளம் அல்லது கருவிளம். இலக்கணம் மறந்துபோயிருந்தாலும் கவலை இல்லை. தட்டும்போது கை தடுக்கினால் அந்த அடியில் ஏதோ ஒரு அசை கூடிவிட்டது என்று பொருள். இரண்டிரண்டு அடிகளின் முதலில் மோனை வந்தால் ஒரு அடி அடுத்த அடியை நினைவுபடுத்தும். அதனால் மனப்பாடத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போது பாட்டு:

கையை விட்டால் கல்விழும்;
காம்பு விட்டால் காய்விழும்;
வீசி மேலே எறியினும்
வேகம் தேய்ந்து கீழ்வரும்.

பூமி இழுக்கும் பொருளையே;
பொருளும் இழுக்கும் பூமியை;
கயிறே இல்லை, இழுத்திடும்;
காற்றே இல்லை, இழுத்திடும்.

உயரப் போனால் தளர்ந்திடும்;
ஓய்ந்து போவ தில்லையே;
நிலவு வரைக்கும் நீண்டிடும்;
நிலவும் அதனால் விழுந்திடும்!

விழுந்தும் தரைக்கு வரலையே,
விவரம் என்ன, சொல்லுவாய்?
பக்க வாட்டில் ஓடுதே,
பாதை வளைந்து போகுதே!

இழுப்பு நின்றால் நேர்வழி
எங்கோ ஓடிப் போய்விடும்;
ஓட்டம் நின்றால் பூமியில்
ஓங்கி வந்து மோதிடும்;

இரண்டும் சேர நடப்பதால்
என்றும் நிலவு வானிலே!

நாலாவது பத்தியின் முதல் இரண்டு அடிகளை வகுப்பின் ஒரு பாதி பாட, அடுத்த இரண்டையும் மறு பாதி பதிலாகப் பாடட்டும். மற்றவற்றை எல்லோரும் சேர்ந்தே பாடலாம்.

எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஒவ்வொரு அடியையும் எழுதியதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு பிள்ளை இந்த அடியை அப்படியே விடைத்தாளில் எழுதினால் நான் மதிப்பெண் போடுவேனா? பாட்டுதானே என்று விட்டுவிட முடியாது. பிள்ளைகள் வரியைத்தான் நினைவில் வைப்பார்கள், நாம் பக்கத்தில் சொன்ன விளக்கத்தை அல்ல.

மூன்றாம் பத்தியின் முதல் அடி என் முதல் வடிவத்தில் “உயரப் போனால் மறைந்திடும்” என்று இருந்தது. சந்தம் சரியாக இருந்தது, நானும் யோசிக்கவில்லை. அந்தப் பருவத் தேர்வில் ஒரு மாணவன், “நிலா மிக உயரத்தில் இருப்பதால் அங்கே ஈர்ப்பு விசை மறைந்துவிடும், அதனால் விழவில்லை” என்று எழுதியிருந்தான். பாட்டின்படி அது சரியான விடைதான்! ஈர்ப்பு தூரத்தோடு குறையும், ஆனால் எந்தத் தூரத்திலும் பூச்சியம் ஆகாது. நிலா வரை ஈர்ப்பு எட்டவில்லை என்றால் அதைச் சுற்ற வைப்பதற்கே ஆள் கிடையாது. “மறைந்திடும்” என்பதைத் “தளர்ந்திடும்” என்று மாற்றினேன். ஒரே சொல்தான். அது போதாது என்று தோன்றியதால் “ஓய்ந்து போவதில்லையே” என்று அடுத்த அடியிலேயே கதவைச் சாத்தினேன்.

இன்னொரு சறுக்கல் இதைவிட மோசம், ஏனென்றால் அது கேட்க அழகாக இருக்கும். “உள்ளே இழுக்கும் ஒருவிசை, வெளியே தள்ளும் ஒருவிசை, இரண்டும் சமமாய் நிற்பதால் நிலா விழாமல் நிற்கிறது” என்ற விளக்கத்தை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். தராசு மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு பொருளின் மேல் இரண்டு விசைகள் எதிரெதிராகச் சமமாக இருந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பொருள் எப்படிப் போகும்? நேர்கோட்டில் போகும். வளையவே வளையாது. நிலாவின் பாதை வளைகிறது என்பதே, உள்பக்கமாக இழுக்கும் விசைக்கு ஈடுகட்ட வேறொன்று இல்லை என்பதற்கு அடையாளம். அதனால்தான் பாட்டில் இழுப்பும் ஓட்டமும் மட்டும் வருகின்றன. ஓட்டம் என்பது விசை அல்ல, இயக்கம். “அதை ஓட்டிவிட்டது யாரு டீச்சர்?” என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை கேட்கும். நிலா உருவானபோதே அந்த இயக்கத்தோடு உருவானது. வழியில் தடுக்கக் காற்று இல்லாததால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது, பின்னால் இருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை.

கடைசி அடி முன்பு “இரவில் நிலவு வானிலே” என்று இருந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கும்போது ஒரு சிறுமி மேற்கே கையைக் காட்டி, “டீச்சர், காலையிலயும் நிலா இருக்கு. பாட்டுல தப்பா இருக்கு” என்றாள். உண்மைதான். பௌர்ணமி கழிந்த சில நாட்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்கும் நிலா மேற்கு வானில் வெளிறித் தெரியும். “என்றும்” என்று மாற்றிவிட்டேன்.

“பொருளும் இழுக்கும் பூமியை” என்ற அடி சரிதான், ஆனால் சும்மா விடமாட்டார்கள். கல் பூமியை இழுத்தால் பூமி ஏன் மேலே வரவில்லை? ஒரு பரிசலையும் பெரிய கப்பலையும் கயிற்றால் கட்டிப் பரிசலில் இருப்பவர் இழுக்கிறார் என்று வையுங்கள். இரண்டின் மீதும் ஒரே அளவு இழுப்புதான். பரிசல் விறுவிறுவென்று நகரும், கப்பல் அசைந்ததே தெரியாது. கல்லும் பூமியும் அப்படித்தான்.

“காற்றே இல்லை, இழுத்திடும்” என்ற அடிக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் நின்று ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறு என்ற பறவையின் இறகும் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். அங்கே காற்று இல்லை. இரண்டும் மிதக்கவில்லை, ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்தப் படக்காட்சி கிடைத்தால் இந்த அடியைப் பாடிய உடனே காட்டுங்கள். காற்று இருந்தால்தான் ஈர்ப்பு இருக்கும் என்ற எண்ணம் அதோடு ஓரளவு போய்விடும்.

பாட்டோடு செய்ய வேண்டிய இரண்டு செயல்கள்

பாட்டை மட்டும் பாடிவிட்டுப் போனால் “பக்கவாட்டில் ஓடுதே” என்பது வெறும் ஓசையாக நின்றுவிடும். அதற்கு இரண்டு நாணயமும் ஒரு அளவுகோலும் போதும்.

மேசை ஓரத்தில் அளவுகோலைச் சாய்வாக வையுங்கள். அதன் ஒரு முனை மேசைக்கு வெளியே நான்கைந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெளியே நீட்டிய முனையின் மேல் ஒரு நாணயம். இன்னொரு நாணயம் மேசையின் மேல், ஓரத்தை ஒட்டி, அளவுகோலுக்குப் பக்கத்தில். அளவுகோலின் உள்முனையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிமுனையை இரண்டாவது நாணயம் இருக்கும் பக்கமாகச் சட்டென்று தட்டுங்கள். மேலே இருந்த நாணயம் அடியில் இருந்த அளவுகோல் விலகியதால் நேராகக் கீழே விழும். மற்றது பக்கவாட்டில் பறந்து தள்ளிப்போய் விழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் தரையில் விழும் சத்தம் ஒன்றாகக் கேட்கும்.

இரண்டு சத்தம் கேட்டால் தட்டியது மெதுவாகவோ சாய்வாகவோ போய்விட்டது. மறுபடி செய்யுங்கள். மூன்று, நான்கு முறை பழகிவிட்டு வகுப்புக்குப் போவது நல்லது. முக்கால் மீட்டர் உயர மேசையில் இருந்து விழ அரை நொடிகூட ஆகாது, அதனால் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் துல்லியம். பக்கவாட்டில் ஓடும் நாணயமும் மற்றதைப் போலவேதான் விழுகிறது. ஓடுவதால் விழுவது நிற்கவில்லை. நிலாவுக்கு வேண்டிய பாதி விளக்கம் இதிலேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு மைதானத்துக்குப் போக வேண்டும். ஒரு மீட்டர் நூலில் மெத்தென்ற பந்தைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றுங்கள். பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும். சுற்றும் முன் கேளுங்கள்: நூல் அந்த வேப்பமரத்தைக் காட்டும் நொடியில் விட்டுவிட்டால் பந்து எங்கே போகும்? பெரும்பாலோர் வேப்பமரத்தை நோக்கி என்பார்கள். விட்டுப் பாருங்கள். வேப்பமரத்துக்குப் போகாது. அந்த நொடியில் பந்து எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம், நூலுக்குக் குறுக்காகப் போகும். வெளியே தள்ளும் விசை ஒன்று இருந்திருந்தால் மரத்தை நோக்கி அல்லவா போயிருக்க வேண்டும்? “இழுப்பு நின்றால் நேர்வழி” என்ற அடியை அந்த இடத்திலேயே பாடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுற்றுகிற பிள்ளைக்குக் கையில் வெளிப்பக்கமாக இழுக்கிற மாதிரி இருக்கும், அதை உடனே சொல்வார்கள். அது கையின் மேல் நூல் தருகிற இழுப்பு. பந்தின் மேல் நூல் தருவது உள்பக்க இழுப்பு. இந்த வேறுபாட்டை ஆறாம் வகுப்பில் நீட்ட வேண்டாம். எட்டாம் வகுப்பில் கேட்டால் சொல்லுங்கள். அப்புறம், நிலாவுக்கும் பூமிக்கும் இடையே நூல் எதுவும் இல்லை என்பதையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அதற்குத்தான் “கயிறே இல்லை” என்ற அடி.

விழுந்தும் ஏன் தரைக்கு வரவில்லை?

இது பாட்டில் ஒரே அடியில் போய்விடுகிறது: “பாதை வளைந்து போகுதே.” இதை விளக்க நியூட்டன் சொன்ன மலையுச்சிப் பீரங்கியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 1687இல் அச்சான தம் நூலிலேயே அவர் இதைப் பேசியிருக்கிறார்.

தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போடுங்கள். அதுதான் பூமி. அதன் மேல் ஒரு மலை. உச்சியில் படுக்கை வசமாக ஒரு பீரங்கி. மெதுவாகச் சுட்டால் குண்டு மலை அடிவாரத்தில் விழும். வேகமாகச் சுட்டால் இன்னும் தள்ளி விழும். இன்னும் வேகம் கூட்டினால்? இங்கே ஒரு கணக்கு உண்டு, கொஞ்சம் நின்று செய்யுங்கள். கையில் இருந்து விட்ட எந்தப் பொருளும் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழும். பூமி உருண்டை என்பதால், நேராக 8 கிலோமீட்டர் போனால் தரை நமக்குக் கீழே ஏறத்தாழ 5 மீட்டர் வளைந்து இறங்கியிருக்கும். அப்படியானால் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் குண்டைச் சுட்டால்? அது 5 மீட்டர் விழும்போது தரையும் 5 மீட்டர் விலகிவிடும். அடுத்த நொடியிலும் அதே கதை. குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரை கிடைக்கவே கிடைக்காது. சுற்றி வந்து சுட்டவரின் முதுகிலேயே இடிக்கும் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும், கூடவே புரிந்தும்விடும். காற்று தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் சொல்லிவிடுங்கள். உண்மையில் காற்றுக்குள் அந்த வேகத்தில் எதுவும் அப்படிச் சுற்ற முடியாது.

ஆறாம் வகுப்புக்கு இது போதும். எட்டாம் வகுப்பில் வகுத்தலில் கெட்டிக்காரர்கள் இருந்தால் நிலாவுக்கும் செய்து காட்டலாம். பூமியின் மையத்தில் இருந்து நாம் நிற்கும் தரை வரை உள்ள தூரத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு தூரத்தில் நிலா இருக்கிறது. தூரம் 60 மடங்கு என்றால் ஈர்ப்பு 60ஐ 60ஆல் பெருக்கிய அளவுக்கு, அதாவது 3600 மடங்கு குறையும். இங்கே முதல் நொடியில் விழும் 4.9 மீட்டரை 3600ஆல் வகுத்தால் 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். நாணயத்தின் தடிமன் அளவு, அவ்வளவுதான். அதே நொடியில் நிலா பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. நேர்கோட்டை விட்டு நொடிக்கு நாணயத் தடிமன் அளவு விழுந்து விழுந்தே 27 நாள் சொச்சத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. “தளர்ந்திடும், ஓய்ந்து போவதில்லையே” என்பதற்கு இந்த 1.4 மில்லிமீட்டர்தான் அளவு.

புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பாட்டை ஒப்பிக்கச் சொல்லிப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரியே இருக்கும். நான் இரண்டு வாரம் கழித்துப் பாட்டில் வராத மூன்று கேள்விகளைக் கேட்பேன்.

ஒன்று: நிலாவில் நின்று கையில் இருக்கும் கல்லை விட்டால் என்ன ஆகும்? “மிதக்கும்” என்று பதில் வந்தால் “காற்றே இல்லை” என்ற அடி உள்ளே போகவில்லை. விழும், நிலாவும் இழுக்கும். ஆனால் அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு என்பதால் மெதுவாக விழும்.

இரண்டு: பன்னாட்டு விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதற்குள் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? அங்கே ஈர்ப்பு இங்கிருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் மிதப்பதுபோல் இருக்கிறது. “ஈர்ப்பு இல்லாததால்” என்று எழுதும் பிள்ளைகளை மறுபடியும் பீரங்கிப் படத்துக்கு அழைத்துப் போங்கள்.

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்தது. நிலாவின் ஓட்டம் திடீரென்று நின்றுவிட்டால்? ஐந்தாம் பத்தியைப் பாடியவர்கள் “மோதிடும்” என்பார்கள். உடனே “எவ்வளவு நேரத்துல டீச்சர்?” என்று ஒருவர் கேட்பார். ஒரு நொடியில் என்றும் ஒரு வருடத்தில் என்றும் ஊகம் வரும். கணக்குப் போட்டால் ஐந்து நாளைக்குக் கொஞ்சம் குறைவு. தொடக்கத்தில் நாணயத் தடிமன் அளவில் ஆரம்பிக்கிற விழுதல் கிட்டே வர வர வேகமெடுக்கும். எங்கள் வகுப்பில் ஒருவன் விரல்விட்டு எண்ணிவிட்டு, “திங்கக்கிழமை நின்னா வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவா?” என்று கேட்டான். அவனுக்குப் பாட்டு புரிந்துவிட்டது.